மதிப்பாய்வாளரின் பிரதி

பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி ஒழுக்கநெறிக் குழுவில் நாங்கள் பன்னிரண்டு பேர். பதினொருவர் டாக்டர்மார், பேராசிரியர்மார், ஒரு சட்டத்தரணி. பன்னிரண்டாவது நான், புளோறன்ஸ் பேர்னாட். கொட்டாஞ்சேனைக்காரி. கப்பல் கம்பனி ஒன்றில் முப்பத்தொரு வருடம் வேலை செய்து, தலைமைக் கிளார்க்காக ஓய்வு பெற்றவள். குழுவில் என்னைப் ‘பொதுமக்கள் பிரதிநிதி’ என்பார்கள். படித்தவர்கள் எழுதுவது மற்றவர்களுக்கு விளங்குமா என்று பார்க்க ஒரு சாதாரண ஆள் வேண்டுமாம். அதோடு தமிழில் வரும் படிவங்களை வாசிக்க அங்கே என்னை விட்டால் வேறு நாதியில்லை.

இரண்டாயிரத்தேழாம் ஆண்டு, ஒரு திங்கட்கிழமை. குழுவின் அலுவலக உதவியாளர் ராசிக் அனுப்பிய கட்டு காலையில் வந்தது. உளவியல் முதுமாணி மாணவி ஒருத்தியின் விண்ணப்பம். கொழும்பில் கணவன்மார் கடத்தப்பட்ட பெண்களின் தூக்கமின்மை, பயம், மனச்சோர்வு பற்றி ஆராயப் போகிறாளாம். மாணவியின் பெயர் அருந்ததி, விலாசம் வெள்ளவத்தை. நல்ல விடயந்தான். அந்த வருடம் ஆள் கடத்தும் வெள்ளை வான் நுழையாத ஒழுங்கை எங்கள் பக்கத்தில் குறைவு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சிவப்புப் பேனையோடு உட்கார்ந்தேன்.

ஐந்தாவது பக்கத்திலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆட்களை எப்படிச் சேர்க்கப் போகிறாய் என்ற இடத்தில், ‘மாதா கோவில் மண்டபத்தில் நிவாரணப் பொதி வாங்க வரும் பெண்களிடம் கேட்கப்படும்’ என்று ஒரே வரி. யார் கேட்பது? பாதரா, பொதி கொடுக்கிறவரா, இவளா? அரிசியும் பருப்பும் நீட்டுகிற கைக்குப் பக்கத்தில் நின்று ‘விருப்பமா’ என்று கேட்டால், எந்தத் தாய் இல்லையென்பாள்? ‘மாட்டேன் என்றாலும் பொதி கிடைக்கும்’ என்ற வாக்கியம் தகவல் தாளில் எங்குமே இல்லை.

அடுத்தது பாதுகாப்பு. பேசும்போது ஒருத்தி உடைந்து அழுதால் என்ன செய்வாய், எந்த வைத்தியரிடம் அனுப்புவாய் என்பதற்கு ஒரு வரியும் கிடையாது. பேட்டி எடுப்பது லொட்ஜ் அறைகளில். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கிற அறைகள். பதினான்காவது கேள்வியோ, ‘கடத்தியவர்களை அடையாளம் காட்டுவீர்களா?’ தூக்கமின்மைக்கும் இந்தக் கேள்விக்கும் என்ன சம்பந்தம்?

கடைசியாகத் தரவு. ‘அனைத்தும் பாதுகாப்பாகப் பூட்டி வைக்கப்படும்.’ எங்கே? ‘ஆய்வாளரின் வெள்ளவத்தை அறையிலுள்ள அலுமாரியில்.’ மாதம் இரண்டு தடவை ஆமி தேடுதல் நடக்கிற ஒழுங்கையில், அடியே, ஒரு தகர அலுமாரி! குறியீட்டு இலக்கம் இல்லை. பெயர் ஒரு தாளிலும் பதில் வேறொரு தாளிலும் பிரிக்கப்படவில்லை. எத்தனை மாதத்தில் அழிப்பாய் என்றும் இல்லை. சம்மதப் படிவத்தில் பெயர், கையெழுத்து, அடையாள அட்டை இலக்கம் மூன்றுக்கும் கோடு. அடையாள அட்டை இலக்கம் எதற்கு என்று அவள் யோசித்திருக்கவே மாட்டாள். கொழும்புத் தமிழர் எங்களுக்கு அந்தக் காலத்தில் எந்தத் தாளைக் கண்டாலும் அந்த இலக்கத்தை எழுதத்தான் கை போகும்.

இதெல்லாம் வழமையான பிழைகள். திருத்தி அனுப்பு என்று திருப்பி விடலாம். ஆனால் கட்டின் கடைசியில் இணைப்பு நான்கு இருந்தது.

அந்த இடத்தில் வெற்றுப் படிவம் இருக்க வேண்டும். இவள் வைத்திருந்தது நிரப்பிய படிவம். குழு அனுமதி கொடுக்க முன்னமே பதினொரு பெண்களிடம் கேள்விகளைக் கேட்டுப் பார்த்துவிட்டு, எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவதற்காக அதில் ஒன்றை அப்படியே பன்னிரண்டு போட்டோகொப்பி அடித்து அனுப்பியிருக்கிறாள். பெயர் ஆறாயி. ஜிந்துப்பிட்டி, வரிசை வீடுகள் நெருங்கிய இன்ன தோட்டம், இன்ன இலக்கம். என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். அடையாள அட்டை இலக்கம். கோணல் மாணலாக ஒரு கையெழுத்து.

பதில்கள் அவள் சொன்னபடியே இருந்தன. ‘சோறு தின்னுக்கிட்டு இருந்தவர முடியப் புடிச்சு இழுத்தாங்க. பொல்லால முழங்கால்ல அடிச்சாங்க, எலும்பு ஒடஞ்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சு. கால நான் புடிச்சேன். சப்பாத்தால என் கைய மிதிச்சாங்க, ரெண்டு வெரலு இன்னும் மடங்காது. அவரு வாயில இருந்த சோறு ரத்தத்தோட வெளிய வந்துச்சு.’ பதினான்காவது கேள்விக்குக் கீழே: ‘ஒருத்தன எனக்குத் தெரியும். எடது காது பாதி இல்ல. சந்தித் தேத்தண்ணிக் கடையில பொலிஸ்காரங்களோட நிப்பான். எங்க கண்டாலும் காட்டுவேன்.’

நான் தாளை மேசையில் குப்புறக் கவிழ்த்தேன். பயமும் இருந்தது, ஆனால் கோபந்தான் கூட.

எண்பத்துமூன்றில் நாங்கள் தெமட்டகொடையில் இருந்தோம். ஜூலையில் வந்த கூட்டத்திடம் பெற்றோல் போத்தல் இருந்தது, கத்தி இருந்தது, தமிழர் வீடுகளின் பட்டியலும் இருந்தது. இலக்கம் இலக்கமாகப் பார்த்துத்தான் வந்தார்கள். என் புருஷன் பேர்னாட்டை வாசலில் வைத்து வெட்டினார்கள். பக்கத்து வீட்டுப் பெண் என்னைத் தன் கட்டிலுக்கடியில் தள்ளினாள். கட்டில் விரிப்பின் ஓரத்தால் நான் பார்த்தது பேர்னாட்டின் முகத்தையல்ல, அவருக்கு மேலே குனிந்து நின்றவன் கையிலிருந்த தாளைத்தான். நீல எழுத்து. கார்பன் பிரதி. யாரோ ஒரு கிளார்க், என்னைப்போல ஒருத்தி, ஒழுங்காக ஓரம் விட்டு, இலக்கம் போட்டுத் தட்டிய பட்டியல். வெட்டினவனைவிட அவளைத்தான் நான் இருபத்துநான்கு வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று மத்தியானம் சாப்பிடாமல் தட்டச்சில் உட்கார்ந்தேன். மதிப்பாய்வுக் குறிப்பு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். என் ஆங்கிலம் கம்பனி ஆங்கிலம், சுற்றி வளைக்காது. ஒவ்வொரு பிழைக்கும் பக்கம், வரி, இலக்கம் போட்டேன். ஆட்களைச் சேர்ப்பவர் பொதி கொடுப்பவராக இருக்கக் கூடாது. பதினான்காவது கேள்வியை நீக்க வேண்டும். கையெழுத்தே ஆபத்தென்பதால் சாட்சி முன்னிலையில் வாய்மொழிச் சம்மதம் போதும். பெயருக்குப் பதில் இலக்கம்; எந்த இலக்கம் யாரென்று காட்டும் தாள் மேற்பார்வையாளரின் அறையில் தனியாகப் பூட்டியிருக்க வேண்டும். அனுமதிக்கு முன் தரவு எடுத்தது பாரிய மீறல்.

பிறகு ஒன்பதாவது குறிப்பு. முப்பத்தொரு வருடம் பழகிய கை விவரமில்லாமல் எதையும் எழுதாது. ‘இணைப்பு 4, பக்கம் 2: பங்கேற்பாளர் ஆறாயியின் பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி ஆகியன வெளியாகியுள்ளன.’ அடைப்புக்குறிக்குள் இலக்கத்தையும் தோட்டத்தையும் போட்டேன். ‘கடத்தியவர்களில் ஒருவரை அடையாளம் காட்டக்கூடியவர் என்பதால் இவருடைய உயிருக்கு ஆபத்து.’ வாசித்துப் பார்த்தேன். ஒரு எழுத்துப் பிழையில்லை. கார்பனிலிருந்து நீலப் பிரதியை உரித்து என் கைப்பையில் வைத்தேன். பிரதியில்லாத கடிதம் கடிதமேயில்லை என்று கம்பனியில் எத்தனை பெண்களை ஏசியிருப்பேன்!

மறுநாள் எட்டரைக்கெல்லாம் ராசிக்கின் மேசைக்கு முன்னால் நின்றேன்.

“ராசிக், இந்தக் கட்டு எத்தனை பேருக்குப் போனது?”

“உங்கட சேத்து ஒம்பது பேருக்கு, மிஸ். மத்த மூணும் இங்க ஈக்கி.”

“இணைப்பு நாலை எல்லாரிட்டையும் இருந்து இண்டைக்கே வாங்கு. போன் பண்ணாதே, நேரே போ. வாங்கினதைக் கையால கிழிக்காதே, தாள் அரைக்கிற மெசின்ல போடு.” என் கொப்பியையும் மதிப்பாய்வுக் குறிப்பையும் அவனிடம் கொடுத்தேன். “இதைச் சேர்மனிட்டக் குடு.”

“நீங்க எங்க மிஸ் போற?”

“வெள்ளவத்தைக்கு. அந்தப் பெட்டையிட்ட.”

“ஐயோ மிஸ், ரிவியூ பண்ணினது யாரெண்டு விண்ணப்பதாரிக்குத் தெரியக் கூடாது. நீங்களே போனா எப்படி?”

“மிச்சப் பத்துப் படிவமும் அவளின்ர அலுமாரிக்குள்ள கிடக்கு, ராசிக். உன்ர சட்டத்தை நீ வைச்சுக்கொள்.”

நூறாம் நம்பர் பஸ் எடுத்து வெள்ளவத்தையில் இறங்கினேன். கடற்கரைப் பக்கமாகப் போகும் ஒழுங்கையில் மாடிவீடொன்றின் பின்னறை. கதவைத் திறந்தவள் மெலிந்த பெட்டை, தலை ஈரம், கையில் சீப்பு. இருபத்தைந்து இருக்கும்.

“நீதானே அருந்ததி? நான் குழுவிலயிருந்து வாறன். படிவங்களை எடு.”

“எந்தப் படிவம் மிஸ்?”

“ஆறாயியின்ர படிவத்தைப் பன்னிரண்டு பேருக்கு அனுப்பியிருக்கிறாய். என்ன செய்திருக்கிறாய் எண்டு உனக்குத் தெரியுமா?”

“மாதிரிக்குத்தான் வைச்சனான், மிஸ். டொக்டர்மார்தானே பார்க்கப் போகினம்...”

அறைந்துவிட்டேன். ஓங்கி, கன்னத்தில். சீப்பு தெறித்துக் கட்டிலுக்குக் கீழே போனது. அறைந்தது சரியென்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் பஸ்ஸால் இறங்கும்போதே அறைய வேண்டுமென்று நினைத்துத்தான் போனேன்.

அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அழவில்லை.

“என்ர அண்ணாவையும் கொண்டு போனவங்கள், மிஸ். போன மார்கழி. பொலிசில போய் நிண்டா பேரைக் கூட எழுதமாட்டினம். பதினாலாம் கேள்வி ஆராய்ச்சிக்கு இல்லை. ஓம், எனக்காகத்தான் போட்டனான். ஒருத்தராவது கேட்க வேணும் எண்டு போட்டனான்.” மூக்கை உறிஞ்சினாள். “ஆறாயிக்குப் பேரைப் போடாமல் எழுதுறன் எண்டு சொன்னனான். அவ விடேல்லை. ‘எம் பேர எழுதுங்கம்மா, பேரில்லாம எழுதுனா யாரு நம்புவாங்க’ எண்டு என்ர கையைப் பிடிச்சுச் சொன்னவ.”

அலுமாரியைத் திறக்கச் சொன்னேன். பாவாடைகளுக்கு நடுவே ஒரு மஞ்சள் கோவை. ஆறாயியின் மூலப் படிவமும் சேர்த்துப் பதினொன்று. எரிக்கலாமா என்றாள். பட்டப்பகலில் புகை எழும்பினால் எல்லாக் கண்ணும் இங்கேதான் திரும்பும் என்றேன். குளியலறை வாளியில் சவர்க்காரத் தூளைக் கரைத்து, தாள்களைக் கிழித்துப் போட்டு, இரண்டு பேரும் குந்தியிருந்து பிசைந்தோம். பதினொரு பெண்கள் கூழானார்கள். மேலே அவளுடைய இரண்டு சட்டைகளை ஊறப்போட்டோம்.

கையைத் துடைக்கும்போது ஒழுங்கையில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. பிறகு கதவுகளில் துவக்குப் பிடியால் இடிக்கிற சத்தம். தேடுதல்.

ஆமியும் பொலிசுமாக ஐந்து பேர் வந்தார்கள். அலுமாரியைக் குப்புறத் தள்ளினார்கள். மெத்தையைக் கத்தியால் கிழித்தார்கள். ‘கொட்டி ஃபைல் எங்கே’ என்று ஒருவன் சிங்களத்தில் கத்தினான். புலியின் கோவையாம்! மஞ்சள் கோவை வெறுமையாகக் கிடந்தது. “இதுக்குள்ள என்ன இருந்தது?” பாட நோட்ஸ் என்றாள் அருந்ததி. துவக்குப் பிடியால் வாயில் அடித்தான். அவள் சுவரோடு சாய்ந்து சரிந்தாள். ஒரு பல் நிலத்தில் விழுந்ததை நான் கண்டேன். வாளிக்குள் துவக்கு முனையை விட்டுச் சட்டையைக் கிளறினான், நுரைதான் வந்தது. எங்களுக்கு வெற்றி என்று நினைத்தேன். வெட்கமில்லாமல் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

அப்போது அவர்களுடைய பெரியவன் என் கைப்பையைப் பறித்துக் கட்டிலில் கொட்டினான். செபமாலை, மூக்குப்பொடி டப்பி, பஸ் டிக்கெட், இருப்பிடத்தைக் காட்டும் பொலிஸ் பதிவுத் துண்டு. நாலாக மடித்த ஒரு தாள்.

“மேக்க மொக்கத்த?”

அது என்னவென்று அவன் கேட்ட அந்த நொடி வரைக்கும், சத்தியமாக, அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று நான் நினைத்துப் பார்க்கவேயில்லை. பன்னிரண்டு கொப்பியையும் திருப்பி எடுக்க ஆளை அனுப்பினேன். பதினொரு மூலத்தையும் கரைத்தேன். பதின்மூன்றாவதை நானே தட்டி, நானே மடித்து, நானே கொண்டு திரிந்திருக்கிறேன். பயிரை மேய்ந்த வேலி நான்தான்.

“யூனிவர்சிட்டி கடிதம் மாத்தயா. ஒன்றுமில்லை. தாங்கோ,” என்று சிங்களத்தில் சொல்லிப் பாய்ந்தேன். கையைப் பிடித்தேன். அவன் தோள்பட்டையில் அடித்தான், நான் கட்டில் சட்டத்தில் விழுந்தேன். அவன் ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி வாசித்தான். ஒன்பதாவது குறிப்பில் விரல் நின்றது. நான் எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறேன்! ஓரம் விட்டு, இலக்கம் போட்டு, அடைப்புக்குறிக்குள் தோட்டமும். அவன் மற்றவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தாளைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

ஒழுங்கைச் சனம் முழுவதையும் மைதானத்துக்குக் கொண்டு போனார்கள். என் பொலிஸ் பதிவு கொட்டாஞ்சேனையில் என்பதால் வெள்ளவத்தையில் எனக்கென்ன வேலை என்று கேட்டுக்கேட்டே வெயிலில் வைத்திருந்தார்கள். போன்களை வாங்கிவிட்டார்கள். எனக்கு முன்னால் ஒரு பொடியனை முழங்காலில் நிறுத்தி, சிங்களம் தெரியாதென்பதற்காக முதுகில் பெல்ட்டால் விளாசினார்கள். பெல்ட் விழ விழ நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். பன்னிரண்டு. ஒன்று. இரண்டு. அந்தப் பிள்ளைக்காக ஒரு மங்கள வார்த்தை செபம்கூடச் சொல்லவில்லை. ஜிந்துப்பிட்டி, ஜிந்துப்பிட்டி என்றுதான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். காவல் நின்றவனின் காலில் விழுந்தேன். சப்பாத்தை இழுத்துக்கொண்டான்.

நாலரைக்கு விட்டார்கள். அருந்ததியின் வாய் வீங்கிப் பேச முடியாமல் இருந்தது. தானும் வருகிறேன் என்று கையால் காட்டினாள். த்ரீவீல் பிடித்தோம். வழி நெடுகச் சோதனைச் சாவடிகள். ஜிந்துப்பிட்டியில் இறங்கும்போது ஆறு மணி, முருகன் கோவிலில் மணி அடித்தது.

தோட்டத்தில் ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. ஒன்றைத் தவிர. அது பிணைச்சலிலிருந்து கழன்று உள்ளே விழுந்து கிடந்தது. அடுப்பில் பானை சரிந்து, வெந்த சோறு சாம்பலோடு கலந்திருந்தது. நிலைப்படியிலிருந்து ஒழுங்கை வரைக்கும் இரத்தம், இழுத்த கோடாக. கோட்டின் நடுவில் ஒரு கொத்துத் தலைமயிர், தோலோடு.

பக்கத்து வீட்டு ஹுசைன், சந்தையில் மூட்டை தூக்குகிறவர், கதவை ஒரு சாண் திறந்தார். அவருடைய புருவம் பிளந்து கண்ணுக்குள் இரத்தம் இறங்கியிருந்தது.

“மூணு மணிக்கு வந்தாங்க. நான் மறிச்சேன், அடிச்சிட்டாங்க. அந்தப் புள்ள ஆறாயி அம்மிக் குழவியால ஒருத்தன்ட மூஞ்சில போட்டிச்சி. அதுக்குப் பொறகு அடிச்ச அடி...” ஒழுங்கையை எட்டிப் பார்த்துக்கொண்டார். “ஆள் பேரக் கேட்டு வரல்ல. பேரும் நம்பரும் அவங்களே வாசிச்சாங்க. பாதிக் காதுக்காரன்ட கையில கடதாசி ஈந்திச்சி.”

“என்ன கடதாசி?” என்று கேட்டேன். எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டேன்.

“நீலமா எழுத்து. மெசின் எழுத்து.”

நான் ஆறாயியின் நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அருந்ததி பக்கத்தில் வந்து இருந்தாள். காலையில் அவளை அறைந்த கைதான் என் மடியில் கிடந்தது. அதை எடுத்து அவள் திரும்ப அறைந்திருக்கலாம். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள், எனக்கு அது இன்னும் மோசமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை, ஆறாயியின் உடலைக் களனி ஆற்றோரம் எடுத்தார்கள். அடையாளம் காட்ட நானும் ஹுசைனும் போனோம். முகத்தில் அடையாளம் இருக்கவில்லை. மடங்காத இரண்டு விரல்களைக் காட்டினேன்.

வெள்ளிக்கிழமை குழு கூடியது. இணைப்பு நான்கின் பன்னிரண்டு கொப்பியும் மெசினில் போட்டாயிற்று என்று ராசிக் அறிக்கை வாசித்தான். அதோடு என் குறிப்பின் மூலத்தையும் அன்றே பூட்டி வைத்துவிட்டானாம். பெயரைக் கண்டதும் ஒருவருக்கும் கொடுக்க மனம் வரவில்லையாம். ஒரு அலுவலக உதவியாளனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. வெள்ளவத்தையில் என் பிரதி பறிபோனதை எழும்பி நின்று சொன்னேன். மாணவியின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, ஒரு வருடத் தடை. சரிதான், நானும் கையைத் தூக்கினேன். அவளுடைய இணைப்புத் தாளால்தான் தரவு வெளியே போனது என்று பதிவோம், வெள்ளவத்தைப் பிரதியைப் பற்றிக் கூட்டக் குறிப்பில் போடத் தேவையில்லை, புளோறன்ஸ் எங்களுக்கு மரியாதைக்குரியவர் என்று சேர்மன் மெல்லச் சொன்னார். நல்ல மனிதர். மேசையைச் சுற்றி எல்லோரும் தலையாட்டினார்கள்.

பங்கேற்பாளருக்குத் தீங்கு நேர்ந்தால் நிரப்பும் படிவம் ஒன்று உண்டு. அத்தனை வருடத்தில் ஒருவரும் நிரப்பியதில்லை. ராசிக்கிடம் அதை வாங்கி, அவனுடைய தட்டச்சில் உட்கார்ந்தேன்.

“பங்கேற்பாளர்ட பேர் போடக் கூடா, மிஸ். இலக்கந்தான்,” என்றான் ராசிக். “உங்கட குறிப்பிலயும் அப்படித்தானே ஈந்திச்சி.”

“உயிரோட இருக்கிறவளுக்குத்தான் இலக்கம், ராசிக்.”

ஆறாயி என்று தட்டினேன். அவள் கேட்டபடி, முழுதாக. தீங்கு: கொலை. தீங்கு நேர்ந்த விதம்: மதிப்பாய்வாளர் தம் குறிப்பில் பங்கேற்பாளரின் விவரங்களை எழுதி, அதன் பிரதியை வெளியே கொண்டு சென்றமை. பொறுப்பானவர்: புளோறன்ஸ் பேர்னாட், கொட்டாஞ்சேனை. பக்கத்தில் என் அடையாள அட்டை இலக்கத்தையும் வீட்டு இலக்கத்தையும் போட்டேன். ஓரம் சரியாக இருந்தது, எழுத்துப் பிழையில்லை. மூலத்தைச் சேர்மனின் முன்னால் வைத்தேன். நீலப் பிரதியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, முறைப்பாடு கொடுக்கப் பொலிசுக்குப் போனேன்.